டியூஷன் ஹாலில் விளக்குகளை வரிசையாகப் பிரிக்க நான்கு சுவிட்ச் போதும்

"ஐயா, காட்பாடியில் மாடி ஹாலில் டியூஷன் நடத்துகிறேன். முப்பதுக்கு இருபது அடி. 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் 12 இருக்கிறது. நீளவாக்கில் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. சுவிட்ச் நான்குதான். எதைப் போட்டாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று எரிகிறது. மாலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள்தான் வருவார்கள். அப்போதும் எல்லாவற்றையும் போட வேண்டியிருக்கிறது. ஞாயிறு காலையில் ஹால் நிறைந்துவிடும். வடக்குப் பக்கம் மூன்று சன்னல், கிழக்குச் சுவரில் எழுதும் போர்டு, கதவு தெற்கில் போர்டை ஒட்டி. ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். அப்படித்தானா? கீழே தம்பியின் ஜவுளிக் கடை இருக்கிறது, அதற்கும் சொல்லுங்கள்."

முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன அளவுகளை வைத்துப் பார்த்தால், சுவிட்ச்கூடப் புதிதாக வேண்டாம். இருக்கும் நான்கே போதும். எந்த விளக்கு எந்தச் சுவிட்சில் சேர வேண்டும் என்பது மட்டும் மாறினால் சரியாகிவிடும். ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று இந்தப் பக்கத்துப் பள்ளிகளிலும் கடைகளிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒயரிங் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் ஹாலில் இருப்பது மிகச் சாதாரணமாகக் காணும் குறை. தளம் போடும்போது கம்பி கட்டி, பைப் புதைத்து விடுகிறார்கள். பிறகு ஒயர் இழுக்க வருபவர் எந்தப் பைப்பில் எந்த விளக்கு சுலபமாகக் கைக்கு வருகிறதோ அந்த மூன்றைச் சேர்த்து ஒரு சுவிட்சில் கொடுத்துவிடுகிறார். அறையில் யார், எங்கே, எந்த நேரத்தில் உட்காருவார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அங்கொன்று இங்கொன்றாக எரிவதில் என்ன தவறு, பாதி விளக்கு எரிந்தால் பாதி மின்சாரம்தானே என்று சிலர் கேட்பார்கள். ஒன்று விட்டு ஒன்று எரிய விடுங்கள் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. உங்கள் ஹாலில் அது ஏன் உதவாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று ஏறக்குறைய 2000 லூமென் வெளிச்சம் தரும். பன்னிரண்டும் சேர்ந்து 24,000. உங்கள் ஹால் 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். சுவரும் கூரையும் விழுங்கியதுபோக ஏறக்குறைய பாதிதான் மேஜைமேல் வந்து விழும் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 200 முதல் 250 வரை வரும். அந்த அளவைத்தான் லக்ஸ் என்கிறோம். வகுப்பறைக்குப் பொதுவாக 300 லக்ஸ் என்று கணக்கிட்டு விளக்கு போடுவார்கள். ஆக, எல்லா விளக்கும் எரியும்போதே உங்கள் ஹாலில் வெளிச்சம் கூடுதலாக இல்லை. இந்த நிலையில் ஒன்று விட்டு ஒன்றை அணைத்தால் ஹால் முழுக்க நூறு, நூற்றிருபது என்று இறங்கிவிடும். எந்தப் பிள்ளைக்கும் படிக்கப் போதாது. பின்பாதியை முழுவதும் அணைத்து முன்பாதியை முழுவதும் எரிய விட்டால், அதே ஆறு விளக்கில் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 200-ஐ ஒட்டி வெளிச்சம் கிடைக்கும். பின்னாலிருந்து வந்து சேரும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மின்சாரம் இரண்டிலும் ஒன்றே. வெளிச்சம் ஆள் இருக்கும் இடத்தில் விழுகிறதா, இல்லாத இடத்திலும் பரவி வீணாகிறதா என்பதில்தான் வேறுபாடு. இப்போது ஒரு சுவிட்சைப் போட்டால் கால்பங்கு வெளிச்சம் ஹால் முழுக்க வருகிறது; எங்கேயும் போதவில்லை. அதனால்தான் நீங்கள் நான்கையும் போடுகிறீர்கள். பழக்கத்தால் போடவில்லை, வேறு வழி இல்லாமல் போடுகிறீர்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது? பள்ளி வகுப்பறைக்குப் பொதுவாகச் சொல்வது, சன்னல் சுவருக்கு இணையாக வரிசை பிரிக்க வேண்டும் என்பது. பகலில் சன்னல் ஓரம் வெளிச்சமாக இருக்கும்போது அந்த வரிசையை மட்டும் அணைத்து வைக்கலாம். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை நடக்கும் பள்ளிக்கு அது மிகச் சரி. உங்கள் டியூஷன் பெரும்பாலும் மாலையில் நடப்பது. இருட்டிய பிறகு சன்னலிலிருந்து எதுவும் வரப்போவதில்லை. அப்போது உங்களுக்கு வேண்டியது போர்டுக்கு இணையான பிரிவு: முன்பாதி எரிய வேண்டும், பின்பாதி அணைய வேண்டும். ஞாயிறு காலையில் ஹால் நிறைந்திருக்கும்போது முன்பின் பிரிவால் பயனில்லை, சன்னல் பிரிவுதான் உதவும். இந்த இரண்டு தேவைகளும் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றை மட்டும் பார்த்துப் பிரித்தவர்கள் மற்றொன்றுக்கு மறுபடி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இரண்டையும் சேர்த்துத் தீர்க்க முதலில் ஹாலை முன், பின் என்று இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாதியிலும் ஆறு விளக்கு. அந்த ஆறில் சன்னலை ஒட்டிய இரண்டு தனி, மீதி நான்கு தனி. முன் உள்பக்கம் நான்கு, முன் சன்னல் பக்கம் இரண்டு, பின் உள்பக்கம் நான்கு, பின் சன்னல் பக்கம் இரண்டு. மொத்தம் நான்கு குழு, நான்கு சுவிட்ச். வார நாள் மாலையில் முன்பாதியின் இரண்டு சுவிட்ச், ஆறு விளக்கு. ஞாயிறு காலை ஹால் நிறைந்திருந்தால் உள்பக்கத்து இரண்டு சுவிட்ச், எட்டு விளக்கு. பகலில் பத்துப் பேர் மட்டும் வந்தால் முன் உள்பக்கம் மட்டும், நான்கு விளக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை இருட்டிக்கொண்டு ஹாலும் நிறைந்தால் நான்கையும் போடுங்கள்; அதற்குத்தான் பன்னிரண்டும் இருக்கிறது.

மூன்று வரிசை இருக்கும்போது சன்னலை ஒட்டிய ஒரு வரிசையை மட்டும் ஏன் தனியாக எடுத்தேன், நடுவரிசையும் பகலில் அணைக்கலாமே என்று தோன்றும். சன்னல் வெளிச்சம் உள்ளே எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மேஜை மட்டத்திலிருந்து சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு பங்கு தூரம்வரை நம்பலாம். அதற்கு மேல் வெளிச்சம் வேகமாக விழுந்துவிடும். நம் பக்கத்தில் சன்னலுக்கு மேல் வரும் லிண்டல் வழக்கமாகத் தரையிலிருந்து ஏழு அடியில் வரும். மேஜை இரண்டரை அடி. மீதி நாலரை, இரண்டு பங்கு ஒன்பது அடி. உங்கள் ஹாலின் அகலம் இருபது அடி என்பதால் நடுவரிசை சன்னலிலிருந்து பத்தடியில் தொங்கும். எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. வடக்குச் சன்னல் என்பதால் உங்களுக்கு ஒரு நன்மை: ஆண்டின் பெரும்பகுதி வெயில் நேரே விழாது, வெளிச்சம் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். மேற்குச் சன்னலாக இருந்தால் இந்தக் கணக்கையே மாற்றிச் சொல்லியிருப்பேன். வேலூர் வெயிலில் மதியம் மூன்று மணிக்கு மேற்குச் சன்னலைத் திறந்து வைத்துப் பாடம் நடத்த முடியாது. திரை போட்டு மூடுவார்கள். மூடியதும் சன்னல் வரிசை விளக்கைப் போட்டே ஆக வேண்டும்.

கைக்கணக்கை அப்படியே நம்பி ஒயரில் கை வைக்க வேண்டாம். ஒரு ஞாயிறு காலையில் பத்து மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, சன்னலிலிருந்து மூன்றடி, ஆறடி, பத்தடி, பதினாறடி தூரங்களில் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்து, பென்சிலால் எழுதிய பக்கம் ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். அச்சுப் புத்தகம் வேண்டாம். அது மங்கலிலும் படிக்க வரும், ஏமாற்றிவிடும். கைப்பேசியில் லக்ஸ் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவை காட்டும் எண்ணைச் சரியான அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒரே கைப்பேசியை ஒரே மாதிரி மேஜைமேல் படுக்க வைத்து, இங்கே எவ்வளவு, அங்கே எவ்வளவு என்று ஒப்பிட அவை உதவும். சன்னல் ஓரத்தில் காட்டுவதில் கால்பங்குகூட நடுவில் காட்டவில்லை என்றால் நடுவரிசையைச் சன்னலோடு சேர்க்கக் கூடாது என்பது உறுதி. எதிரே உயரமான கட்டடமோ மரமோ சன்னலை மறைத்தால் சன்னல் ஓரமே போதாமல் போகலாம். அப்படியானால் சன்னல் பிரிவை விட்டுவிட்டு, போர்டிலிருந்து பின்னோக்கி மும்மூன்று விளக்காக நான்கு குறுக்கு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நான்கு சுவிட்ச்தான்.

இப்போது ஒயருக்கு வருகிறேன். "முழுவதும் மாற்ற வேண்டும்" என்று உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது இந்த இடத்தை அவர் இன்னும் திறந்து பார்க்காததால் இருக்கலாம். ஒரு விளக்குக்கு மூன்று ஒயர் போகிறது: சுவிட்சிலிருந்து வரும் ஃபேஸ், நியூட்ரல், எர்த். இதில் நியூட்ரலும் எர்த்தும் எல்லா விளக்குக்கும் பொது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராகப் போய்க்கொண்டிருக்கும். நான்கு சுவிட்சும் ஒரே சர்க்யூட்டில் இருந்தால் இந்த இரண்டையும் தொடவே வேண்டாம். மாற வேண்டியது சுவிட்சிலிருந்து மேலே போகும் நான்கு ஒயர் மட்டுமே. அவை கூரையில் எந்த ஜங்ஷன் பாக்ஸில் எந்த விளக்கோடு சேர்கின்றன என்பதுதான் கேள்வி. உங்கள் ஹாலில் விளக்குகள் குழம்பிக் கிடப்பதே ஒரு விதத்தில் உங்களுக்கு நல்லது. ஒவ்வொரு சுவிட்சின் ஒயரும் ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அலைந்து போயிருக்கும். ஆகவே பெரும்பாலான ஜங்ஷன் பாக்ஸ்களில் இரண்டு, மூன்று சுவிட்ச் ஒயர்கள் ஏற்கனவே கடந்து போய்க்கொண்டிருக்கும். அங்கே பழைய இணைப்பைப் பிரித்து, வேண்டிய ஒயரோடு சேர்த்தால் வேலை முடிந்தது. எங்கே வேண்டிய ஒயர் இல்லையோ அந்தத் துண்டுக்கு மட்டும் ஒரு ஒயர் இழுக்க வேண்டும்.

ஒயர்மேன் வருவதற்கு முன் நீங்களே செய்து வைக்க வேண்டியது ஒரு படம். ஒரு தாளில் ஹாலை வரைந்து, பன்னிரண்டு விளக்கையும் கட்டம்போல் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு எது எரிகிறதோ அதில் அந்தச் சுவிட்சின் எண்ணை எழுதுங்கள். பக்கத்திலேயே இன்னொரு படத்தில் நாம் மேலே பிரித்த நான்கு குழுக்களை எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சில விளக்குகள் மாறவே வேண்டாம் என்று தெரியும். எந்தச் சுவிட்சுக்கு எந்தக் குழு என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், குறைந்த இடங்களில் இணைப்பை மாற்றும்படி பொருத்திக்கொள்ளலாம். கடைசியில் சுவிட்ச் போர்டுக்குள் இடம் மாற்றிக்கொள்வது ஐந்து நிமிட வேலை. இந்தப் படத்தைக் கையில் கொடுத்தால் "முழுவதும்" என்று சொன்ன அதே எலக்ட்ரீஷியன் கூரையில் எத்தனை இடத்தில் திறக்க வேண்டும் என்று எண்ணிச் சொல்லிவிடுவார்.

புதைத்த பைப்பில் புது ஒயர் நுழையவில்லை என்றால் இழுத்து நெருக்க வேண்டாம். உள்ளே விடும் ஸ்பிரிங் முட்டி நின்றால், சிமென்ட் இறங்கியிருக்கிறது அல்லது பைப் நிறைந்திருக்கிறது என்று பொருள். பலமாக இழுத்தால் பழைய ஒயரின் மேலுறை உரிந்து, அன்று எதுவும் தெரியாமல் மழைக்காலத்தில் கசிவாக வெளியே வரும். அந்த ஒரு துண்டுக்கு மட்டும் கூரையை ஒட்டி பிளாஸ்டிக் கேப்பிங் பட்டி அடித்து ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் கொண்டு போகலாம். பார்வைக்குக் கொஞ்சம் தெரியும், ஆனால் உடைத்துப் பூசும் வேலை இல்லை.

இந்த வேலையில் ஆபத்தாக முடியும் தவறு ஒன்று உண்டு. அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில ஹால்களில் முன்பாதி ஒரு சர்க்யூட்டிலும் பின்பாதி இன்னொரு சர்க்யூட்டிலும் இருக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் வேறு வேறு ஃபேஸில்கூட இருக்கலாம். சோதிப்பது எளிது. எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, மெயின் பெட்டியில் உள்ள எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒன்றை அணைத்ததும் பன்னிரண்டும் அணைந்தால் கவலையில்லை. பாதிதான் அணைகிறது என்றால், ஒரு சர்க்யூட்டிலிருந்து ஃபேஸும் அடுத்த சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலும் எடுத்து ஒரு விளக்கை எரிய விடும் தவறு நடக்க வாய்ப்பு இருக்கிறது. விளக்கு எரியும், பார்க்கச் சரியாகவே இருக்கும். பின்னால் ஒருவர் நியூட்ரல் கொடுத்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் நியூட்ரல் இணைப்பைப் பிரிப்பார். மற்ற சர்க்யூட்டிலிருந்து விளக்கு வழியாக வரும் மின்சாரம் அவர் கையில் ஏறும். கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சர்க்யூட்டுக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்தால் அது இதைக் காட்டிக்கொடுத்துவிடும். குறிப்பிட்ட ஒரு வரிசையைப் போட்ட உடனே விழுகிறது, மற்ற நேரம் விழுவதில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கடன் வாங்கிய நியூட்ரலைத்தான். ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றி நேராகக் கொடுத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டு சர்க்யூட் இருந்தால் ஒவ்வொரு குழுவும் முழுவதும் ஒரே சர்க்யூட்டுக்குள் இருக்கும்படி பிரியுங்கள். உங்கள் முன், பின் பிரிவு பெரும்பாலும் அதற்குத் தானாகவே ஒத்துவரும். வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனே மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துச் செய்யட்டும்.

இன்னொரு குறை ஆபத்தை அறிவிக்கும் அடையாளமாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். வேலை முடிந்த அன்று இரவு எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு இருட்டில் நின்று பாருங்கள். எல்.இ.டி. டியூப் சில மங்கலாக மினுங்கிக்கொண்டே இருக்கும். முதலில் சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா, தவறி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கின் உள்ளே ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். டியூப் மாற்றக் கை வைப்பவருக்கு அதிர்ச்சி அடிக்கும். உடனே மாற்ற வேண்டியது அது. அது சரியாக இருந்தால், சுவிட்சில் சிவப்பாக எரியும் சிறு இண்டிகேட்டர் இருக்கிறதா பாருங்கள். அதன் வழியாகக் கசியும் மிகச் சிறு மின்னோட்டமே எல்.இ.டி.யை மினுங்க வைக்கப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் நின்றுவிடும். இரண்டும் இல்லை என்றால், ஒரே பைப்பில் நெடுந்தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் ஒயரிலிருந்து தொற்றும் மின்னழுத்தமாக இருக்கலாம். அதில் ஆபத்து இல்லை.

ஒயர் வேலை சரியாக முடிந்தும் பயன் கிடைக்காமல் போவது சுவிட்ச் போர்டில். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு வகுப்பறைகளில் சன்னல் வரிசையை அழகாகத் தனியாகப் பிரித்துக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் போனால் பட்டப்பகலில் ஆறு அறையிலும் எல்லா விளக்கும் எரிகிறது. ஆசிரியர்கள்மேல் தவறு இல்லை. சுவிட்சுகளை ஒயர் வந்த வரிசையில் நான் போட்டிருந்தேன். சன்னல் வரிசை ஒரு அறையில் முதல் சுவிட்ச், அடுத்த அறையில் மூன்றாவது. எது எதற்கு என்று தேடுவதைவிட உள்ளங்கையால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போடுவது எளிது. அதன் பிறகு எந்த இடத்திலும் சுவிட்ச் போர்டை அறையைப் போலவே அமைக்காமல் நான் வேலையை முடிப்பதில்லை.

உங்கள் சுவிட்ச் போர்டு கதவை ஒட்டித் தெற்குச் சுவரில் இருக்கும் என்று எண்ணுகிறேன். அதைப் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம் கிழக்கு. அதாவது எழுதும் போர்டு, முன்பாதி. ஆகவே இடப்பக்கத்து இரண்டு சுவிட்ச் முன்பாதிக்கு, வலப்பக்கத்து இரண்டு பின்பாதிக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது உள்பக்கம், இரண்டாவது சன்னல் பக்கம். மாலையில் இடப்பக்கத்து இரண்டையும் போடுங்கள். ஞாயிறு காலையில் ஜோடிக்கு முதலாவதை மட்டும். மேலே ஹாலின் சிறு படம் ஒன்று வரைந்து நான்கு பகுதிக்கும் நான்கு நிறம் கொடுத்து, அதே நிறத்தில் சுவிட்சுமேல் ஒரு பொட்டு ஒட்டிவிடுங்கள். எழுத்தைவிட நிறத்தைப் பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியாக வெளியேறும் பையனே சரியாக அணைப்பான்.

மாலையில் பிள்ளைகளை உட்கார வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எரியும் கடைசி விளக்குக்கு நேர் கீழேவரை மட்டுமே பெஞ்சு இருக்கட்டும். உங்கள் விளக்குகள் ஏழெட்டு அடிக்கு ஒன்று என்று இருக்கும். இரண்டாவது விளக்கு போர்டிலிருந்து பதினொரு அடியில் வரும். பெஞ்சு அதைத் தாண்டிப் பதினைந்தாம் அடியில் இருந்தால், அங்கே உட்காருபவருக்கு முன்னாலிருந்து மட்டும் வெளிச்சம், முதுகுப் பக்கம் இருட்டு. அந்தப் பிள்ளை நோட்டை முன்னால் நகர்த்திக்கொண்டே குனிவதைப் பார்க்கலாம். இடம் போதவில்லை என்றால் பின் உள்பக்கச் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். 80 வாட்டுக்காகப் பிள்ளையின் கண்ணைக் கசக்க வேண்டாம். உங்கள் கதவு முன்பக்கம் என்பதால் யாரும் இருட்டைக் கடந்து வெளியே போக வேண்டியதில்லை. கதவு பின்னால் இருக்கும் ஹாலில் இதே முறையைப் பின்பற்றுபவர்கள், கதவருகே உள்ள ஒரு விளக்கை முன்பாதியோடு சேர்த்துவிட வேண்டும். மாடிப்படி விளக்கு எந்தக் குழுவிலும் சேராமல், மேலும் கீழும் இரு வழிச் சுவிட்சோடு தனியாக இருக்கட்டும்.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சென்சார் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. யாராவது சொல்வார்கள் என்பதால் சொல்கிறேன். தேர்வு எழுதும் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். சென்சார் ஆள் இல்லை என்று நினைத்து விளக்கை அணைத்துவிடும். கழிப்பறைக்கும் சாமான் அறைக்கும் அது நல்லது, வகுப்புக்கு வேண்டாம்.

இனி எவ்வளவு மிச்சமாகும் என்று பார்ப்போம். வார நாள் மாலையில் ஆறு விளக்கு அணைந்திருக்கும், 120 வாட். மூன்று மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் 9 யூனிட். ஞாயிறு காலை நான்கு மணி நேரம் சன்னல் பக்கத்து நான்கு விளக்கு அணைந்தால் மாதத்துக்கு ஒன்றேகால் யூனிட். இரண்டும் சேர்ந்து பத்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் பில்லில் யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் என்றாலும் மாதம் நூறு ரூபாய்தான். இதனால்தான் முழு ஒயரிங்கையும் மாற்றும் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்கிறேன். இணைப்பை மட்டும் மாற்றும் ஒரு நாள் கூலி கட்டுப்படியாகும். பழைய 40 வாட் டியூப்பும் செம்புச் சோக்கும் இருக்கும் ஹாலாக இருந்தால், விளக்கு ஒன்று சோக்கோடு சேர்ந்து 50 வாட்டை ஒட்டி இழுக்கும். அங்கே வரிசை பிரிப்பதற்கு முன் டியூப்பை மாற்றுவதுதான் முதல் வேலை.

உங்கள் ஹாலில் இதைவிடப் பெரிய மிச்சம் விளக்கில் இல்லை, ஃபேனில் இருக்கிறது. எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. இந்த அளவு ஹாலுக்கு ஆறு இருக்கும். பழைய வகைச் சீலிங் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் 70, 75 வாட் இழுக்கும். ஆறும் 450 வாட். பன்னிரண்டு விளக்கும் சேர்ந்து 240 தான். வேலூரில் ஃபேன் இல்லாமல் உட்கார முடிகிற மாதங்கள் மார்கழி, தை என்று விரல்விட்டு எண்ணலாம். பின்பாதியில் மூன்று ஃபேன் காலி பெஞ்சுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தால் அதே மூன்று மணி, 25 நாளில் ஏறக்குறைய 17 யூனிட் போகிறது. ஃபேனுக்கு ஏற்கனவே தனித்தனிச் சுவிட்ச் இருப்பதால் கூரையில் எந்த வேலையும் இல்லை. போர்டுக்குள் முன்பாதி ஃபேன் சுவிட்சுகளை முன்பாதி விளக்குச் சுவிட்சோடும், பின்பாதியை அதனதன் பக்கத்திலும் வரிசைப்படுத்தினால் போதும். ஹாலின் பின்பாதி இருட்டாக இருக்கும்போது அங்கே யாரும் போய் உட்காருவதில்லை, ஆகவே ஃபேனும் அணைந்தே கிடக்கும். விளக்கு வரிசையைப் பிரிப்பதன் பெரிய பலன் இப்படி மறைமுகமாகவே கிடைக்கிறது.

தம்பியின் கடைக்கு இதே அளவுகோல் பொருந்தாது. ஜவுளிக் கடை பெரும்பாலும் அகலம் குறைந்து உள்ளே நீண்டிருக்கும். பகல் வெளிச்சம் ஷட்டர் வழியாக மட்டுமே வரும். அதனால் பிரிவு வாசலிலிருந்து உள்ளே போகப் போகக் குறுக்காக இருக்க வேண்டும்: வாசல் பகுதி, துணி விரித்துக் காட்டும் நடுப்பகுதி, பின்பகுதி. ஆனால் ஆள் இல்லை என்று பின்பகுதியை இருட்டாக்கிவிட்டால், வாசலில் நிற்பவர்களுக்குக் கடை பாதி மூடியிருப்பதுபோல் தெரியும், உள்ளே வரமாட்டார்கள். லுங்கிக்குப் பேர்போன நம் பக்கத்துக் கடைகளில் இதைச் செய்து பார்த்துவிட்டு மறுபடி போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பின்சுவரின் அலமாரிமேல் விழும் ஒன்றிரண்டு விளக்கை வாசல் சுவிட்சோடு சேர்த்து, கடை திறந்திருக்கும்வரை எரிய விடச் சொல்லுங்கள். அணைக்கக்கூடியது நடுப்பகுதியும் பின்பகுதியின் மீதியும். வாடிக்கையாளர் உட்கார்ந்து சேலை பிரிக்கும்போது போட்டால் போதும். அந்தச் சுவிட்ச் கல்லாவில் உட்காருபவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கடைக்கோடியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அணைக்க மாட்டார்கள், காலையில் போட்டது இரவுவரை எரியும்.

காலையில் பெருக்கித் துடைக்கும்போது மூன்று பகுதியும் எரிய வேண்டாம். வாசல் சுவிட்ச் மட்டும் போதும். சரக்கு வைக்கும் அறைக்குச் சுவிட்ச் அதன் கதவுக்கு வெளியே, நிலையை ஒட்டி இருக்கட்டும். உள்ளே இருந்தால் கை நிறையத் துணிக்கட்டோடு வெளியே வருபவர் அணைக்காமல் வந்துவிடுவார். பெயர்ப் பலகை விளக்கை எந்தப் பிரிவோடும் சேர்க்காமல் தனிச் சுவிட்சில் கொடுக்கச் சொல்லுங்கள். கடை விளக்கோடு சேர்ந்திருந்தால் பகல் பன்னிரண்டு மணி வெயிலிலும் அது எரிந்துகொண்டிருக்கும், தெருவில் யாருக்கும் தெரியாது.

உங்கள் ஹாலின் படத்தை, எந்த விளக்கு இப்போது எந்தச் சுவிட்சில் எரிகிறது என்ற எண்களோடு அனுப்பினால், எந்தெந்த விளக்கின் இணைப்பை மட்டும் மாற்ற வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். எம்.சி.பி. சோதனையில் பன்னிரண்டும் ஒன்றாக அணைந்ததா, பாதி பாதியாக அணைந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.